மூன்று டிரிக்குக்கு மூன்று வழி: ஓவர்டிரிக்கை விடுவதா, பிடிப்பதா?

சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான்கு பேர் பிரிட்ஜ் ஆட உட்காருவோம். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்தான் எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். போன வாரம் நான் டிக்ளேரர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன்; அவர் எனக்கு டம்மி, தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு என்னை ஆட விடுகிற கூட்டாளி. காண்டிராக்ட் மூன்று நோ டிரம்ப்: துருப்பு இல்லாமல் பதின்மூன்று டிரிக்கில் ஒன்பதை எடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை மேசையில் திரும்ப விரித்து, "தம்பி, இந்த டைமண்டை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்றார். அரை மணி நேரம் அந்த ஒரே சூட்டில் போனது. அன்று பேசியதோடு, அப்புறம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் தெற்கு. என் கையில் ஸ்பேட் ஏஸ், 6, 5; ஹார்ட் ராஜா, 8, 4; டைமண்ட் ஏஸ், ஜாக், 6, 2; கிளப் ஏஸ், 7, 3. மொத்தம் 16 பாயிண்ட், ஒரு நோ டிரம்ப் என்று திறந்தேன். ஐயா நேராக மூன்று நோ டிரம்ப் போனார். டம்மியில் ஸ்பேட் ராஜா, ராணி, 3. ஹார்ட் ஏஸ், 7, 2. டைமண்ட் ராஜா, 9, 5, 4. கிளப் 9, 8, 4. மேற்கு ஹார்ட் ராணியை இறக்கினார்.

முதலில் எண்ண வேண்டும். ஸ்பேடில் 3, ஹார்ட்டில் 2, கிளப்பில் 1. இந்த ஆறும் எங்கேயும் ஓடாது. ஒன்பதுக்கு இன்னும் 3 வேண்டும், அது டைமண்டிலிருந்துதான் வர வேண்டும். டைமண்டில் எங்களிடம் எட்டு சீட்டு. எதிராளிகளிடம் ராணி, 10, 8, 7, 3 என்று ஐந்து. இந்த எண்ணிக்கையை முடிக்காமல் டைமண்டைத் தொடவே கூடாது. ஏனென்றால், அந்த சூட்டில் 3 தேவையா 4 தேவையா என்பதைப் பொறுத்து ஆடும் முறையே மாறுகிறது. 4 தேவையென்றால் பினெஸ் செய்வதை, அதாவது ராணி கிழக்கில் இருக்கும் என்று நம்பி ஜாக்கைப் போடுவதைத் தவிர வேறு பேச்சில்லை. 3 போதும் என்றால்தான் இந்தக் கட்டுரைக்கே வேலை.

மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கை தானாகப் போகிற வழி. டம்மியின் ராஜாவை அடித்துவிட்டு, அங்கிருந்து சின்னச் சீட்டை என் ஜாக் பக்கம் விளையாடுவது. கிழக்கு சின்னது போட்டால் நான் ஜாக் போடுவேன். ராணி கிழக்கில் இருந்து, சூட்டும் 3-2 ஆகப் பிரிந்திருந்தால் நாலும் என்னுடையவை. பத்தாவது டிரிக், அதாவது தேவைக்கு மேலான ஓவர்டிரிக், வந்துவிடும். இதைப் பினெஸ் வழி என்கிறேன்.

இரண்டாவது வழி, பயந்தவர்கள் ஆடுகிற வழி. ஏஸ், ராஜா இரண்டையும் மேலேயிருந்து அடித்துவிட்டு, அப்புறம் ஜாக் பக்கம் போவது. ராணி இரண்டு சீட்டோடு இருந்தால் கீழே விழுந்துவிடும். விழாவிட்டாலும் ஒரு டிரிக்கைக் கொடுத்து மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

மூன்றாவது வழி, ஐயா காட்டியது. ஹார்ட்டைக் கையிலுள்ள ராஜாவால் எடுத்துவிட்டு, என் கையிலிருந்து டைமண்ட் ஏஸை முதலில் அடிக்க வேண்டும். பிறகு கையிலிருந்தே சின்ன டைமண்டை டம்மி பக்கம் விளையாட வேண்டும். மேற்கு சின்னது போட்டால் டம்மியிலிருந்து ராஜாவை எடுக்காமல் 9ஐப் போட வேண்டும். மேற்கு 10 அல்லது ராணி போட்டால் மட்டும் ராஜாவால் மூட வேண்டும். இதுதான் பாதுகாப்பு ஆட்டம்.

முதல் தடவை பார்க்கிறவருக்கு அந்த 9 பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ராணியும் 10ம் வெளியே இருக்கும்போது 9ஐப் போடுவதா? அது பெரும்பாலும் கிழக்கின் 10க்கோ ராணிக்கோ தோற்கத்தான் செய்யும். ஆனால் தோற்கிற அந்த நிமிடத்தில்தான் கணக்கு முடிகிறது. வெளியே இருந்தவை ஐந்து. ஏஸுக்கு இரண்டு விழுந்தன. இந்த இரண்டாவது சுற்றில் மேற்கு ஒன்று போட்டார், கிழக்கு ஒன்று போட்டார். நான்கு போய்விட்டன, மிச்சம் ஒன்றே ஒன்று. அது ராணியாகவே இருந்தாலும் டம்மியின் ராஜாவுக்கு விழுந்தாக வேண்டும். அப்புறம் ஜாக் தானாகப் பெரிதாகிவிடும். ஏஸ், ராஜா, ஜாக், மூன்று டிரிக். எதிராளிகள் இடையில் ஒரே ஒரு தடவைதான் உள்ளே வருகிறார்கள். அவர்கள் ஹார்ட் விளையாடினாலும் கிளப் விளையாடினாலும் அங்கே என்னிடம் ஏஸ் இருக்கிறது.

9 தோற்காத நிலைமைதான் முக்கியம். மேற்கு சின்னது போட்டு, 9க்குக் கிழக்கு வேறு சூட்டைத் தள்ளினால், மேற்கிடம் நான்கோ ஐந்தோ டைமண்ட் இருந்தது என்று பொருள். அப்போது 9 டிரிக்கே எடுத்துவிட்டது. ஏஸ், 9, ராஜா, மூன்று வந்துவிட்டன. மாறாக, இரண்டாவது சுற்றில் மேற்கே வேறு சூட் போட்டால் நீளமான டைமண்ட் கிழக்கில் இருக்கிறது. அப்போது ராஜாவை எடுத்துவிட்டு ஜாக் பக்கம் போனால், கிழக்கு ராணியைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஜாக் ஒரு டிரிக் எடுக்கும். மேற்கு இரண்டாவது சுற்றில் 10ஐப் போட்டுப் பார்த்தாலும் ராஜா மூடும். பிறகு ஜாக்கை ராணிக்குக் கொடுத்தால் நான்காவது சுற்றில் டம்மியின் 9 பெரிதாக நிற்கும். எந்தப் பக்கம் எப்படிப் பிரிந்தாலும், 5-0 ஆனாலும்கூட, மூன்று டிரிக் உறுதி. நூற்றுக்கு நூறு.

அன்று மேற்கின் கையில் டைமண்ட் ராணி, 10, 8, 7. கிழக்கிடம் 3 மட்டும். நான் என்ன செய்தேன்? ஹார்ட்டை டம்மியின் ஏஸால் எடுத்தேன். ராஜாவை அடித்தேன், எல்லோரும் சின்னது போட்டார்கள். சின்ன டைமண்டை விளையாடினேன். கிழக்கு ஒரு கிளப்பைத் தள்ளியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இனி என்னிடம் ஏஸ், ஜாக், 6. எனக்கு இடது பக்கம், எனக்குப் பிறகு ஆடுகிறவரிடம் ராணி, 10, 8. ஏஸைப் போட்டாலும், ஜாக்கைப் போட்டாலும், 6ஐப் போட்டாலும் இன்னும் ஒரு டிரிக்தான் கிடைக்கும். டைமண்டில் மொத்தம் இரண்டு, ஆட்டத்தில் எட்டு. ஒன்று குறைவு.

இரண்டாவது வழியில் ஆடியிருந்தாலும் இதே கதிதான். ஏஸ், ராஜா அடித்த பிறகு டம்மியில் 9, 5; என்னிடம் ஜாக், 6; மேற்கிடம் ராணி, 10. இரண்டும் அவருக்கே. மேலேயிருந்து அடிப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள், நானும் பல வருடம் நம்பியிருந்தேன். இந்தச் சீட்டமைப்பில் அது பாதுகாப்பே இல்லை. ராஜாவைச் செலவழித்துவிட்டால் 9க்குப் பின்பலம் போய்விடுகிறது. 9ஐ மேற்கின் மேல் உட்கார வைத்து, அதற்கு மேலே ராஜாவை வைத்திருப்பதுதான் பாதுகாப்பின் உயிர்.

சரி, எண்களுக்கு வருவோம். ஐந்து சீட்டு வெளியே இருந்தால் 3-2 பிரிவு நூற்றுக்குச் சுமார் 68 தடவை, 4-1 சுமார் 28, 5-0 சுமார் 4. பினெஸ் வழி எப்போது தோற்கிறது? மேற்கிடம் ராணி, 10 சேர்ந்து நான்கு சீட்டு இருந்து, கிழக்கிடம் ஒரு சின்னச் சீட்டு மட்டும் இருக்கும்போது. அது சுமார் 8.5 தடவை. மேற்கிடம் ஐந்தும் இருக்கும்போது. அது சுமார் 2. ஆக நூற்றில் 10 தடவைக்குக் கொஞ்சம் மேலே. ஏஸ், ராஜா அடிக்கும் வழியில் 5-0 ஏஸிலேயே தெரிந்துவிடும், அப்போது 9க்கு மாறிக்கொள்ளலாம், எனவே 8.5 தடவை மட்டும் தோற்கும். பாதுகாப்பு வழி தோற்பதே இல்லை.

இனி பத்தாவது டிரிக். ராணி ஒற்றையாக விழுகிற அபூர்வ நிலைகளை விட்டுவிடுகிறேன், அவை மூன்று வழிக்கும் பெரிய வித்தியாசம் செய்யாது. 3-2 பிரிவில் ராணி கிழக்கில் இருக்கும் எல்லா நிலையிலும் பினெஸ் வழி நான்கு எடுக்கும்: சுமார் 34. மேலேயிருந்து அடிக்கும் வழி ராணி இரண்டு சீட்டோடு இருக்கும்போது, எந்தப் பக்கமானாலும், நான்கு எடுக்கும்: சுமார் 27. பாதுகாப்பு வழியும் சில சமயம் நான்கு எடுக்கும் என்பதை ஐயா சொல்லித்தான் நான் கவனித்தேன். மேற்கிடம் ராணி இரண்டு சீட்டோடு இருந்தால், இரண்டாவது சுற்றில் அவர் ராணியைப் போட்டே ஆக வேண்டும், அல்லது முன்பே போட்டிருப்பார். ராஜா மூடும், ஜாக் பெரிதாகும். இது சுமார் 13.6 தடவை. ஆகவே பாதுகாப்பு ஆட்டம் என்றால் ஓவர்டிரிக்கை முழுக்கத் தூக்கி எறிவது என்று நினைக்க வேண்டாம். பினெஸ் வழியோடு ஒப்பிட்டால் விட்டுக்கொடுப்பது நிகரமாக 20 தடவைதான்.

எந்த வழி நல்லது என்பதை இந்த எண்கள் மட்டும் சொல்லிவிடாது. ஸ்கோர் எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

அணிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசையில் ஒரே சீட்டு, வித்தியாசத்தை ஐ.எம்.பி. என்ற அணிப் புள்ளிகளாக மாற்றுகிறார்கள். வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் கூடுதலாக உள்ள நிலையில் மூன்று நோ டிரம்ப் செய்தால் 600, ஒன்று குறைந்தால் 100 நஷ்டம். பக்கத்து மேசையில் செய்துவிட்டு நான் மட்டும் விழுந்தால் 700 வித்தியாசம், அதாவது 12 ஐ.எம்.பி. போய்விடும். ஓவர்டிரிக்கின் 30 பாயிண்டுக்கு ஒரு ஐ.எம்.பி. கிடைக்கும். பினெஸ் வழியில் போனால் 20 தடவை நிகரமாக ஒன்று ஒன்றாகச் சம்பாதிக்கிறேன்: மொத்தம் 20. பத்துச் சொச்சம் தடவை பன்னிரண்டு பன்னிரண்டாக இழக்கிறேன்: மொத்தம் 125. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வல்னரபிள் இல்லாத நிலையில் 400க்கும் 50 நஷ்டத்துக்கும் 450 வித்தியாசம், 10 ஐ.எம்.பி.; அப்போதும் இதே முடிவுதான். வீட்டில் ஆடும் ரப்பர் பிரிட்ஜிலும் அப்படியே. ஒரு கேமை இழந்து 30 பாயிண்டைத் தேடுகிறவன் கையில் இருக்கிற ரிங்கிட்டை விட்டுவிட்டு ரோட்டில் சென் பொறுக்குகிறான் என்பார் ஐயா.

ஜோடிப் போட்டி வேறு உலகம். மாதத்தில் ஒரு தடவை ஈப்போவுக்குப் போய் ஜோடிப் போட்டி ஆடுவோம், அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகப் போகும். அங்கே உள்ள மேட்ச்பாயிண்ட் என்ற ஸ்கோர் முறையில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பது கேள்வியே இல்லை. மற்ற ஜோடிகளைவிட 30 கூட எடுத்தாலும் 700 கூட எடுத்தாலும் அந்த ஒப்பீட்டில் கிடைப்பது ஒன்றுதான். எனவே எத்தனை தடவை என்பதை மட்டும் எண்ண வேண்டும். பினெஸ் வழி பாதுகாப்பு வழியை 34 தடவை முந்துகிறது. பாதுகாப்பு வழி முந்துவது, மேற்கில் ராணி இரட்டையாக இருக்கும் 13.6 தடவையும், மற்றவர் விழுந்துவிடும் 10.4 தடவையும், மொத்தம் 24. மீதி 42 தடவை சமம். 34க்கு 24 என்றால் ஜோடிப் போட்டியில் பினெஸ்தான் என் தேர்வு. ஆனால் வித்தியாசம் பத்துதான் என்பதைக் கவனியுங்கள். ஜோடிப் போட்டியில் பாதுகாப்பு ஆட்டம் ஆடுவது பெரிய குற்றம் என்று சிலர் சொல்வது இந்தச் சீட்டமைப்பில் அவ்வளவு பொருந்தாது.

அந்தப் பத்து எளிதில் மறைந்துவிடும். 28 பாயிண்டோடு எல்லா மேசையும் மூன்று நோ டிரம்புக்குத்தான் போகும் என்றால் மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் மற்ற மேசைகள் எட்டாத ஒரு நல்ல காண்டிராக்டில் நாம் உட்கார்ந்திருந்தால், அல்லது ஆரம்பத்திலேயே அவர்கள் நமக்கு ஒரு டிரிக்கைத் தந்துவிட்டிருந்தால், காண்டிராக்டைச் செய்தாலே பெரும்பாலானவர்களை முந்திவிட்டோம். அப்போது ஓவர்டிரிக் புதிதாக ஒன்றும் வாங்கித் தராது. ஜோடிப் போட்டியானாலும் 9ஐப் போடுங்கள். டபிள் செய்யப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

எதிராளிகளின் பிட்டிங்கும், அதாவது ஆட்டத்துக்கு முன் அவர்கள் கேட்கிற ஏலமும், இதை அசைக்கும். பினெஸ் வழியின் ஆபத்து முழுக்க மேற்கில் இருக்கிறது. கிழக்கிடம் நீளமாக இருந்தால் அது தோற்பதே இல்லை. எனவே கிழக்கு முன்பே மூன்று கிளப் என்று குறுக்கே புகுந்து, ஏழு கிளப் காட்டியிருந்தால், அவரிடம் மற்ற சூட்டுகளுக்கு ஆறே இடம்தான். டைமண்ட் மேற்கில் நீள்கிற வாய்ப்பும் ராணி அங்கே இருக்கிற வாய்ப்பும் ஏறும். ஜோடிப் போட்டியிலும் அன்று நான் பாதுகாப்பு வழியில்தான் போவேன். ஏழு சீட்டைக் காட்டியவர் மேற்கு என்றால் கதை மாறும்: அவரிடம் நாலு டைமண்ட் இருப்பது அரிது, பினெஸ் ஏறக்குறைய இலவசம். பிட்டிங் ஒன்றும் இல்லையென்றாலும், டைமண்டைத் தொடுவதற்கு முன் ஸ்பேட் மூன்றையும் அடித்து யார் எதைத் தள்ளுகிறார் என்று பார்க்கலாம் என்று நினைப்பேன். இந்த ஆட்டத்தில் அது தவறு என்றார் ஐயா. ஸ்பேடை அடித்துவிட்டு ஒரு டைமண்டைக் கொடுத்தால், எதிராளிகள் உள்ளே வரும்போது நானே நீளமாக்கி வைத்த ஸ்பேடை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்பு ஆட்டத்தின் விலை எல்லாச் சூட்டிலும் ஒன்றல்ல. இன்னொரு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டம்மியில் ஏஸ், ராஜா, ராணி, 5, 4. கையில் 7, 6, 3. டம்மிக்குப் போக வேறு வழியே இல்லை. நமக்குத் தேவை நான்கு. இங்கேயும் ஐந்து சீட்டுதான் வெளியே. மேலேயிருந்து அடித்தால் 68 தடவை ஐந்தும் வரும். 4-1 ஆனால் மூன்றோடு நின்றுவிடும். மிச்ச இரண்டு சீட்டும் டம்மியில் அனாதையாகக் கிடக்கும். முதல் சுற்றையே சின்னச் சீட்டுகளால் எதிராளிக்குக் கொடுத்துவிட்டால், அப்புறம் மூன்று பெரியவை மிச்சத்தை இழுத்துவிடும், 4-1 ஆனாலும் நான்கு நிச்சயம். ஆனால் 3-2 வருகிற அந்த 68 தடவையும் ஒரு டிரிக்கைக் கையில் எடுத்துக் கொடுத்திருப்போம். அணிப் போட்டியில் அப்போதும் கொடுக்கத்தான் வேண்டும்: 68 தடவை ஒன்று இழந்து, 28 தடவை பத்து, பன்னிரண்டு மீட்கிறோம். ஜோடிப் போட்டியில் இங்கே யோசனையே வேண்டாம், மேலேயிருந்து அடியுங்கள். டம்மிக்கு வேறு சூட்டில் ஓர் ஏஸ் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. முதலில் அடித்துப் பார்த்துவிட்டு, பிரிவு மோசம் என்றால் நான்காவது சுற்றைக் கொடுத்து, அந்த ஏஸ் வழியாக ஐந்தாவதை எடுக்கத் திரும்ப வரலாம்.

இரண்டு அமைப்புக்கும் பொதுவான ஒரு எல்லை உண்டு, அதை மறந்தால் பாதுகாப்பே ஆளைக் கவிழ்க்கும். கொடுக்கிற அந்த ஒரு டிரிக்கோடு எதிராளி உள்ளே வரும்போது, அவர் உடனே எத்தனை அடிக்க முடியும்? நம் ஆட்டத்தில் ஹார்ட்டில் இன்னும் ஓர் ஏஸ், கிளப்பில் ஓர் ஏஸ் பாக்கி, எனவே பயமில்லை. ஹார்ட் ஏஸ் ஏற்கெனவே போய், வெளியே நான்கு ஹார்ட் காத்துக்கொண்டிருந்தால் டைமண்டில் கொடுக்கிற ஒன்றே ஐந்தாவது ஆகிவிடும். அப்போது மூன்று டைமண்ட் போதாது, நான்கு வேண்டும் என்றாகிறது. பினெஸைத் தவிர வேறு வழியில்லை.

சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டே ஐயா கேட்டார்: "தம்பி, அடுத்த ஞாயிறு அணி ஆட்டமா, ஜோடியா?" அணி ஆட்டம் என்றேன். "அப்ப ஏஸை முதலில் அடி" என்றார். வெளியே மழை விட்டிருந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பினார், நான் அந்த எட்டு டைமண்டையும் உறையிலிருந்து திரும்ப எடுத்து, மேற்கில் ஐந்தையும் வைத்து இன்னொரு தடவை ஆடிப் பார்த்தேன். மூன்று வந்தது.